சாய்ந்தால் வழக்கு, நிமிர்ந்தால் ஆள்

1977ஆம் ஆண்டு ஜூலை மாதம் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை மத்திய அரசு முடக்கியது. 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி, பொதுநலன் கருதி எடுத்த முடிவு என்று சொன்ன அரசு, காரணங்களைத் தெரிவிக்க மறுத்துவிட்டது. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு 1978 ஜனவரி 25 அன்று தீர்ப்பளித்தது. ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கும் நடைமுறை சட்டத்தில் எழுதியிருந்தால் மட்டும் போதாது, அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அன்றிலிருந்து சட்ட உலகில் அந்தப் பெயர் இரண்டு பேருக்கு உரியதாகிவிட்டது. ஒன்று, மனுதாரரான பெண். இன்னொன்று, அவர் பெயரால் அழைக்கப்படும் தீர்ப்பு. ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒரு தீர்ப்புரையில் 'மேனகா காந்தி இப்படிச் சொன்னது' என்ற பொருளில் ஒரு வாக்கியம் வந்தால், சொன்னது யார்? மனுதாரர் சொல்லியிருந்தால் அது ஒரு தரப்பின் வாதம்; யாரையும் கட்டுப்படுத்தாது. தீர்ப்பு சொல்லியிருந்தால் அரசியலமைப்பின் 141ஆம் பிரிவின்படி நாட்டின் எல்லா நீதிமன்றங்களும் பின்பற்றியாக வேண்டிய சட்டம். தமிழில் 'மேனகா காந்தி வழக்கில்' என்று எழுதிக் குழப்பத்தைத் தவிர்த்துவிடுகிறோம். ஆங்கிலச் சட்ட எழுத்தில் அந்த வேலையைச் செய்வது எழுத்தின் சாய்வு. பெயர் சாய்ந்திருந்தால் அது வழக்கு. நிமிர்ந்து நின்றால் அது ஆள்.

சாய்வெழுத்தை அழகுக்காகப் போடுகிறார்கள் என்று நினைக்கும் வாசகர்கள் நிறையப் பேர். தீர்ப்புரையில் அது ஒரு குறி. அதற்கு மூன்று வேலைகள் உண்டு. வழக்கின் பெயரைக் காட்டுவது, பிறமொழிச் சொல்லைக் காட்டுவது, நீதிபதி அழுத்திச் சொல்ல விரும்பும் சொற்களைக் காட்டுவது. ஒரே குறி மூன்று வேலை செய்வதால், முதல் பக்கத்தில் அதை எப்படிப் பயன்படுத்தினார்களோ அப்படியே கடைசிப் பக்கம் வரை பயன்படுத்த வேண்டும். பத்தாம் பத்தியில் சாய்ந்திருந்த வழக்குப் பெயர் இருபதாம் பத்தியில் நிமிர்ந்துவிட்டால், இப்போது பேசுவது அந்த மனிதரைப் பற்றியோ என்று வாசகர் தயங்குவார். பிழை அச்சகத்தில் நடந்ததா, நீதிபதி வேண்டுமென்றே செய்ததா என்று கண்டுபிடிக்க அவருக்கு வழியில்லை.

அடிக்கோடு இந்தக் கதைக்குள் வந்தது தட்டச்சு இயந்திரத்தால். சாய்வெழுத்தோ அதைவிட மிகப் பழையது. வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூசியஸ் என்ற பதிப்பாளருக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ என்பவர் வார்த்த சாய்வெழுத்தில் 1501இல் வெர்ஜிலின் கவிதை நூல் முழுவதுமே அச்சானது. பிற்காலத்தில்தான் நிமிர்ந்த எழுத்துக்கு நடுவே சில சொற்களை மட்டும் தனித்துக் காட்டும் துணை எழுத்தாக அது மாறியது. சாதாரணத் தட்டச்சு இயந்திரத்தில் இருந்தது ஒரே வகை எழுத்து. ஆகவே தட்டச்சர் சொல்லை அடித்துவிட்டு, வண்டியைப் பின்னுக்கு நகர்த்தி, அதே இடத்தில் கோட்டை அடித்தார். அச்சகத்தாரின் குறியீட்டில் ஒற்றை அடிக்கோட்டுக்கு 'இதைச் சாய்வில் கோர்க்கவும்' என்று பொருள் ஏற்கெனவே இருந்தது. நீதிமன்றத்திலிருந்து அடிக்கோட்டுடன் வந்த பிரதி, சட்ட இதழில் சாய்வெழுத்தாகியது. 1876இல் தொடங்கிய இந்தியச் சட்ட அறிக்கைகளின் சென்னை வரிசையும், 1891இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னலும் வளர்ந்த காலம் இந்தக் கைமாற்றத்தின் காலம்.

அதாவது, அடிக்கோடும் சாய்வும் அடிப்படையில் ஒரே குறியின் இரண்டு வடிவங்கள். கணினியில் இரண்டும் ஒரே நேரத்தில் கையில் கிடைத்ததும்தான் சிக்கல் தொடங்கியது. ஒரே தீர்ப்புரையில் சில வழக்குப் பெயர்கள் சாய்ந்தும், சில அடிக்கோடிட்டும், சில தடித்தும், சில மூன்றும் சேர்ந்தும் வருவதைப் பார்க்கலாம். தீர்ப்பின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு வழக்கறிஞர்களின் எழுத்துப்பூர்வ வாதங்களிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டிருப்பது பெரும்பாலும் இதற்குக் காரணம். ஒவ்வொரு அலுவலகத்தின் பழக்கமும் அந்தந்தத் துண்டோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் நடைமுறை விதிகளில் 32ஆவது விதி இதைப் பற்றி நேரடியாகவே பேசுகிறது. மேல்முறையீட்டு வாதுரை சாதாரண நிமிர்ந்த எழுத்தில் இருக்க வேண்டும். அழுத்தத்துக்குச் சாய்வையோ தடித்த எழுத்தையோ பயன்படுத்தலாம். வழக்குப் பெயர்களைச் சாய்க்க வேண்டும் அல்லது அடிக்கோடிட வேண்டும். இந்த 'அல்லது' முக்கியம். இரண்டில் எதுவானாலும் சரி, ஒன்றைத் தேர்ந்தெடுத்த பின் அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அதைப் படிக்க வேண்டும். சிகாகோவில் உள்ள ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வெளியிட்ட அச்செழுத்து வழிகாட்டி ஒரு படி மேலே போய், அடிக்கோட்டை விட்டுவிட்டுச் சாய்வைப் பயன்படுத்தும்படி வழக்கறிஞர்களிடம் கேட்டுக்கொள்கிறது. நான் அந்தக் கட்சி. ஆங்கிலத்தின் ஜி, பி, ஒய் போன்ற சிறிய எழுத்துகளின் வால் அடிக்கோட்டில் சிக்கிக்கொள்கிறது. பழைய தாளை ஸ்கேன் செய்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் தடுமாறும் இடங்களில் அதுவும் ஒன்று. இணையத்தில் அடிக்கோடு என்றாலே சொடுக்க வேண்டிய இணைப்பு என்று கண் பழகிவிட்டது என்பது இன்னொரு காரணம்.

வழக்குப் பெயரைச் சாய்ப்பது சுலபம்போலத் தோன்றும். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதில்தான் கவனம் வேண்டும். முழுப் பெயர் வரும்போது இரு தரப்புப் பெயர்களும் சாய்கின்றன. ஆண்டு, தொகுதி எண், இதழின் பெயர், பக்க எண் இவை எதுவும் சாய்வதில்லை. பெயருக்கும் ஆண்டுக்கும் நடுவில் வரும் காற்புள்ளியும் பெயரைச் சேர்ந்ததல்ல, ஆகவே அது நிமிர்ந்தே நிற்கும். இரு தரப்புக்கும் இடையில் 'எதிர்' என்ற பொருளில் வரும் ஒற்றை எழுத்தில்கூட மரபுகள் வேறுபடுகின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளில் இருபுறமும் பெயர்கள் சாய, அந்த எழுத்து மட்டும் நிமிர்ந்து நிற்கும். ஆக்ஸ்ஃபோர்டு சட்டத் துறையின் ஆஸ்கோலா கையேட்டைப் பின்பற்றுவோர் அதையும் சேர்த்தே சாய்ப்பார்கள்.

அடுத்தது சுருக்கப் பெயர். முதல் முறை முழுப் பெயரைச் சொல்லிவிட்டால், பிறகு ஒரு தரப்பின் பெயரே போதும். அது அடையாளம் காட்டும் பெயராக இருக்க வேண்டும். மேனகா காந்தி எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கை 'இந்திய ஒன்றியம்' என்று சுருக்கினால், ஆயிரக்கணக்கான வழக்குகளில் எது என்று யாருக்குத் தெரியும்? சுருக்கப் பெயரும் வரும்போதெல்லாம் சாய்ந்தே வர வேண்டும். அந்தப் பெயர் ஒரு கோட்பாட்டுக்கோ நடைமுறைக்கோ அடைமொழியானாலும் சாய்வு போவதில்லை. 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த மிராண்டா எதிர் அரிசோனா வழக்கிலிருந்து வந்ததுதான், கைதாகிறவரிடம் பேசாமல் இருக்கும் உரிமை உண்டென்று போலீசார் சொல்லும் 'மிராண்டா எச்சரிக்கை'. அமெரிக்கச் சட்ட எழுத்தில் அந்த 'மிராண்டா' சாயும், ஏனென்றால் அது தீர்ப்பைக் குறிக்கிறது. 'மிராண்டா கைது செய்யப்பட்டார்' என்பதில் சாயாது, ஏனென்றால் அது எர்னெஸ்டோ மிராண்டா என்ற மனிதர்.

பிறமொழிச் சொற்களில்தான் உண்மையான தலைவலி, ஏனென்றால் இங்கே விதி மட்டும் போதாது, தீர்மானமும் வேண்டும். ஆங்கிலத்தோடு கலந்துவிட்ட சொல்லைச் சாய்க்க வேண்டாம், கலக்காத சொல்லைச் சாய்க்கலாம் என்பது பொது வழக்கம். 1926 முதல் வெளிவரும் அமெரிக்கச் சட்ட மேற்கோள் கையேடான புளூபுக், சட்ட எழுத்தில் அடிக்கடி வரும் லத்தீன் சொற்களை நிமிர்த்தியே எழுதச் சொல்கிறது. ஹேபியஸ் கார்ப்பஸ், பிரைமா ஃபேசி, ரெஸ் ஜூடிகேட்டா இவையெல்லாம் அப்படி நிமிர்ந்து நிற்பவை. நீண்ட லத்தீன் வாக்கியங்களும் அரிதான சொற்களும்தான் சாயும். அதே கையேடு, 'மேலே சொன்ன அதே நூல்' என்பதற்கான லத்தீன் சுருக்கமான 'இட்.' என்பதை மட்டும் எப்போதும் சாய்க்கச் சொல்கிறது; அதன் பின்னுள்ள புள்ளியும் சேர்ந்து சாய வேண்டும். ஆஸ்கோலாவில் அதே வேலையைச் செய்யும் 'இபிட்' நிமிர்ந்தே இருக்கும். இரண்டில் எது சரி என்று கேட்பதில் பயனில்லை. ஒரே தீர்ப்புரையில் இரண்டையும் கலப்பதுதான் தவறு.

நம் நீதிமன்றங்களில் இந்தக் கேள்வி இன்னும் சுவையானது. நிலத் தகராறு பற்றிய சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை எடுத்தால் பட்டா, சிட்டா, அடங்கல், புறம்போக்கு, கிஸ்தி எல்லாம் ஆங்கில எழுத்தில் வரும். ஆங்கில அகராதியை வைத்துப் பார்த்தால் இவை பிறமொழிச் சொற்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடும் எவருக்கும் இவை அன்றாடச் சட்டச் சொற்கள். தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலேயே 'பட்டா பாஸ் புக்' என்று இருக்கிறது. சட்டத்தின் பெயரில் நிமிர்ந்து நிற்கும் சொல்லை, அதே பக்கத்தில் அந்தச் சட்டத்தை விளக்கும்போது சாய்த்தால் ஒரே சொல் இரண்டு தோற்றத்தில் நிற்கும். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ தன் சட்டத்தில் பயன்படுத்திவிட்ட சொல் அந்தச் சட்டத்தின் மொழிக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு சாய்க்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பினாமியும் அப்படித்தான், 1988இலேயே அது நாடாளுமன்றச் சட்டமொன்றின் தலைப்பில் ஏறிவிட்டது.

சிலர் வேறு வழி வைத்திருக்கிறார்கள். பிறமொழிச் சொல் முதலில் வருமிடத்தில் சாய்த்து, அங்கேயே பொருளைச் சொல்லிவிட்டு, பிறகு நிமிர்த்தி எழுதுகிறார்கள். நீண்ட தீர்ப்புக்கு இது நல்ல முறை. ஆனால் அப்படிச் செய்வதென்றால் எல்லாப் பிறமொழிச் சொற்களுக்கும் செய்ய வேண்டும். இன்னொரு கண்ணியும் உண்டு. அரசியலமைப்பின் 32ஆம் பிரிவு ஐந்து நீதிப்பேராணைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவற்றில் நான்கின் பெயர்கள் லத்தீன். தடையாணையைக் குறிக்கும் 'புரொகிபிஷன்' மட்டும் ஆங்கிலச் சொல். நான்கைச் சாய்த்து ஒன்றை நிமிர்த்தினால், அந்த ஒன்றுக்கு ஏதோ தனிப்பொருள் இருப்பதுபோல வாசகருக்குத் தோன்றும். ஐந்தையும் நிமிர்த்திவிடுவதே தெளிவு.

மூன்றாவது வேலையான அழுத்தம்தான் மற்ற இரண்டையும்விட ஆபத்தானது. வழக்குப் பெயரில் சாய்வு தவறினால் வாசகர் சற்றுத் தயங்குவார். மேற்கோளில் அழுத்தம் தவறினால், ஒருவர் சொல்லாத அழுத்தத்தை அவர் தலையில் ஏற்றியதாகிவிடும்.

தீர்ப்புரையில் சட்டப் பிரிவையோ பழைய தீர்ப்பையோ மேற்கோள் காட்டும் நீதிபதி, அதில் தனக்கு வேண்டிய நான்கு சொற்களைச் சாய்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சாய்வு சட்டத்தை இயற்றியவர்களுடையது அல்ல, அவருடையது. அதை ஒப்புக்கொள்ள மேற்கோளின் முடிவில் 'அழுத்தம் எம்முடையது' என்ற பொருளில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். இந்தியத் தீர்ப்புகளில் 'எம்ஃபசிஸ் சப்ளைட்' என்பதும் 'அண்டர்லைனிங் இஸ் அவர்ஸ்' என்பதும் மிகப் பழக்கமான தொடர்கள். மூலத்திலேயே அழுத்தம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டியிருக்கும். நம் சட்டங்களின் அச்சுப் பிரதிகளில் 'விளக்கம்' என்று தொடங்கும் தலைச்சொல் சாய்வில்தான் இருக்கும். அதை அப்படியே எடுத்தாளும் நீதிபதி தன் பங்குக்குக் கீழே இன்னும் இரண்டு சொற்களைச் சாய்த்துவிட்டு 'அழுத்தம் எம்முடையது' என்று போட்டால், மூன்றும் அவருடையது என்றே வாசகர் எடுத்துக்கொள்வார்.

மேற்கோளுக்குள் மேற்கோள் வரும்போது இது இன்னும் சிக்கலாகிறது. 1950இல் ஒரு நீதிபதி எழுதியதை 1978இல் இன்னொருவர் மேற்கோள் காட்டி, ஒரு சொல்லை அழுத்துகிறார். இன்று எழுதும் நீதிபதி 1978ஆம் ஆண்டின் பத்தியை எடுத்து, வேறொரு சொல்லை அழுத்துகிறார். இப்போது பக்கத்தில் இரண்டு சாய்ந்த சொற்கள். கீழே ஒரே ஓர் அடைப்புக்குறிக் குறிப்பு. முதல் அழுத்தம் 1950ஆம் ஆண்டுக்காரருடையதா, 1978ஆம் ஆண்டுக்காரருடையதா, இன்றையவருடையதா? எதிர்காலத்தில் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டப்போகும் நான்காவது ஆளுக்கு விடை கிடைக்காது. இதற்கு இரண்டே நேர்மையான வழிகள் உண்டு. பழைய அழுத்தத்தை நீக்கிவிட்டு, நீக்கியதையும் சொல்லி, தன்னுடையதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அல்லது எது யாருடையது என்று தனித்தனியாகச் சொல்லலாம். இரண்டாவது நீளும், தீர்ப்பின் முடிவே அந்தச் சொல்லில் தொங்கும்போது நீண்டாலும் அதுதான் சரி.

ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகச் செய்து பார்க்கலாம். கீழே வருவது இதற்காக நான் எழுதிய கற்பனைப் பத்தி. ஆங்கிலத் தீர்ப்புரை ஒன்றின் தமிழ் வடிவம் என்று கொள்ளுங்கள். 'வழக்கு' என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. தட்டச்சரிடமிருந்து எந்தக் குறியும் இல்லாமல் இப்படி வந்திருக்கிறது:

'மேனகா காந்தியின் பாஸ்போர்ட் முடக்கப்பட்டபோது அவரிடம் விளக்கம் கேட்கப்படவில்லை. ஆடி ஆல்டெரம் பார்ட்டெம் என்ற விதி நிர்வாக ஆணைகளுக்கும் பொருந்தும் என்று மேனகா காந்தி கூறுகிறது. கோபாலனுக்கு இத்தகைய பாதுகாப்பு கிடைக்கவில்லை, ஏனெனில் கோபாலன் ஒவ்வோர் அடிப்படை உரிமையையும் தனித்தனியே படித்தது. கூப்பர் அந்த வாசிப்பைக் கைவிட்டது. இப்போதைய மனுதாரர் பிரைமா ஃபேசி அளவில் பாதிப்பைக் காட்டியிருக்கிறார்.'

பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன், தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் தன்னை அடைத்துவைத்ததை எதிர்த்துப் போட்ட மனு, ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம் என்ற பெயரில் 1950இல் தீர்க்கப்பட்டது. வங்கிகள் தேசியமயமானதை எதிர்த்து ஆர்.சி. கூப்பர் தொடுத்த வழக்கில் பதினொரு நீதிபதிகள் 1970இல் வேறு பாதையைத் திறந்தார்கள். மேனகா காந்தி வழக்கு அந்தப் பாதையில் மேலும் நடந்தது.

முதல் வாக்கியத்தில் பாஸ்போர்ட்டுக்குச் சொந்தக்காரர் ஒரு பெண். நிமிர்ந்த எழுத்து. இரண்டாம் வாக்கியத்தில் 'கூறுகிறது' என்ற அஃறிணை முடிவு தமிழ் வாசகருக்கு உதவிவிடுகிறது. ஆங்கில வினைச்சொல்லில் அந்த உதவி கிடையாது, ஆகவே பெயர் சாய வேண்டும். அதே வாக்கியத்தில் வரும் லத்தீன் தொடர், மறுதரப்பையும் கேள் என்ற இயற்கை நீதி விதி. அதைச் சாய்ப்பதா வேண்டாமா? இந்திய நிர்வாகச் சட்டத்தில் அது அடிக்கடி வருவதுதான். ஆனாலும் மூன்று சொல் நீளமுள்ள முழு லத்தீன் தொடர். நான் சாய்ப்பேன். சாய்த்ததால் ஒரே வாக்கியத்தில் இரண்டு சாய்வுகள் சேருகின்றன, ஒன்று மொழிக்காக, ஒன்று வழக்குக்காக. வாசகர் குழம்புவதில்லை, ஏனென்றால் ஒன்று பெயர், மற்றது வெளிப்படையாக வேற்றுமொழி.

மூன்றாம் வாக்கியம்தான் பரிசோதனை. முதல் கோபாலன் சிறையில் இருந்தவர். இரண்டாம் கோபாலன் உரிமைகளைப் படித்த தீர்ப்பு. நிமிர்ந்த ஒன்றும் சாய்ந்த ஒன்றும் ஒரே வரியில் வந்தாக வேண்டும். அவசரத்தில் எல்லாக் கோபாலன்களையும் தேடிச் சாய்த்தால் சிறையில் இருந்த மனிதர் தீர்ப்பாகிவிடுவார். நான்காம் வாக்கியத்தின் கூப்பர் சாயும். ஆங்கிலத்தில் 'கூப்பரின்' என்று உடைமை காட்டும் அப்பாஸ்டிரபியும் எஸ் எழுத்தும் வந்தால், பெயர் மட்டும் சாய்ந்து அந்த ஒட்டு நிமிர்ந்து நிற்கும். ஐந்தாம் வாக்கியத்தின் பிரைமா ஃபேசி ஆங்கிலத்தோடு கலந்துவிட்டது, நிமிர்த்திவிடலாம். இங்கே நிமிர்த்தினால் தீர்ப்பின் மற்ற எல்லாப் பக்கங்களிலும் நிமிர்த்தியாக வேண்டும்.

இந்தப் பத்தியையே நாளைக்கு வேறொரு நீதிபதி மேற்கோள் காட்டி, மூன்றாம் வாக்கியம் முழுவதையும் அழுத்த விரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியம் முழுவதும் சாய்ந்துவிட்டால் அதற்குள் உள்ள வழக்குப் பெயரை எப்படிக் காட்டுவது? சாய்ந்த வரிக்குள் வழக்குப் பெயர் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது அச்சு மரபு. சாதாரண வாக்கியத்தில் அது நன்றாக வேலை செய்யும். இந்த வாக்கியத்திலோ மனிதர் சாய்ந்து, வழக்கு நிமிர்ந்து, இதுவரை வாசகர் பழகிய பொருள் தலைகீழாகிவிடுகிறது. சாய்வுக்கு மூன்று வேலை கொடுத்ததன் எல்லை இதுதான். வழக்குப் பெயருக்கும் பிறமொழிச் சொல்லுக்கும் சாய்வு, மேற்கோளில் அழுத்தத்துக்கு அடிக்கோடு என்று வேலையைப் பிரித்துக்கொள்ளும் நீதிபதிகளின் முறை இங்கே கைகொடுக்கிறது. கோட்டுக்கு மேலே மனிதர் நிமிர்ந்தும் வழக்கு சாய்ந்தும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். பொதுவாக அடிக்கோட்டை விரும்பாத நான்கூட, மேற்கோள்களில் வழக்குப் பெயர்கள் நிறைந்த தீர்ப்புக்கு இந்தப் பிரிவினையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஆனால் அப்படிப் பிரித்த தீர்ப்பில் ஒரு விபத்துக்கு இடமுண்டு. வேர்டில் அடிக்கோட்டையெல்லாம் சாய்வாக மாற்றுவது ஒரு நொடி வேலை. தேடி மாற்றும் பெட்டியை Ctrl+H கொண்டு திறந்து, Find what கட்டத்தில் எழுத்து எதுவும் அடிக்காமல் Ctrl+U, Replace with கட்டத்தில் Ctrl+I அழுத்தி, Replace All கொடுத்தால் அடிக்கோடிட்ட எல்லாம் சாய்ந்துவிடும். மேற்கோளில் அழுத்தத்துக்காகப் போட்ட கோடுகளும் சேர்ந்தே சாயும். கோட்டை நீக்கும்படியும் சொல்லியிருந்தால், மேற்கோளின் கீழே 'அடிக்கோடு எம்முடையது' என்ற குறிப்பு நிற்கும். மேலே கோடு ஒன்றுகூட இருக்காது. எந்தச் சொற்களை நீதிபதி தன்னுடைய அழுத்தம் என்று சொன்னார் என்பது அந்தப் பிரதியிலிருந்து போய்விடும். தீர்ப்பை வெறும் எழுத்தாக மட்டும் எடுத்து ஏற்றியிருக்கும் இணையப் பக்கங்களிலும் இதே அடையாளத்தைப் பார்க்கலாம். அடைப்புக்குறிக் குறிப்பு இருக்கும், அது சுட்டும் கோடோ சாய்வோ இருக்காது. அத்தகைய பக்கத்திலிருந்து வாதத்துக்கு மேற்கோள் எடுப்பவர் நீதிமன்றத்தின் சொந்தப் பிடிஎஃப் கோப்பைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்காமல் எடுக்கக் கூடாது.

ஆகவே சரிபார்ப்பை ஒரே பொத்தானில் செய்ய முடியாது. முதலில் தீர்ப்பில் வரும் எல்லா வழக்குகளையும் அவற்றின் சுருக்கப் பெயர்களோடு தனித்தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். எந்தச் சுருக்கப் பெயர் மனிதரின் பெயராகவும் வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நம் பத்தியில் மேனகா காந்தியும் கோபாலனும் அப்படி. மற்றப் பெயர்களைத் தேடி ஒன்றாகவே மாற்றிவிடலாம். இந்த இரண்டையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, வாக்கியத்தைப் படித்து, ஆளா வழக்கா என்று தீர்மானித்துத்தான் மாற்ற வேண்டும். வழக்குப் பெயருக்கென்று வேர்டில் தனி எழுத்துப் பாணி ஒன்றை உருவாக்கி, அதை மட்டுமே பூசினால் இன்னும் நல்லது. பின்னால் சாய்வு வேண்டாம், அடிக்கோடு வேண்டும் என்றாலும் பாணியை மாற்றினால் போதும். அழுத்தத்துக்குப் போட்டவை தொடப்படாமல் இருக்கும்.

அடுத்து, பிறமொழிச் சொற்களுக்கு இன்னொரு தாள். சாய்வது ஒரு பக்கம், நிமிர்வது மறுபக்கம். புதிய சொல் வரும்போதெல்லாம் அதில் ஏற்ற வேண்டும். கடைசியாக, அடைப்புக்குறிக் குறிப்புகளிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். 'அழுத்தம் எம்முடையது' என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் மேலே அழுத்தம் இருக்கிறதா, குறிப்பில்லாத மேற்கோள்களில் அழுத்தம் ஏதும் இருக்கிறதா, இருந்தால் அது மூலத்தில் இருப்பதுதானா என்று மூலப் பிரதியோடு ஒத்துப்பார்க்க வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும். மேற்கோளில் பாதிக்கு மேல் சாய்ந்திருப்பது தெரிந்தால், அந்த மேற்கோளை வெட்டிச் சுருக்கும்படி நீதிபதியிடம் சொல்லும் இடமும் இதுதான். எல்லாவற்றையும் அழுத்தினால் எதுவும் தனித்துத் தெரியாது.

இவ்வளவு செய்த பிறகும் இந்தக் குறிகள் எட்டாத வாசகர்கள் இருக்கிறார்கள். பார்வையற்ற வழக்கறிஞர்களும் மாணவர்களும் திரைவாசிப்பான் மென்பொருள் வழியாகத் தீர்ப்புகளைக் கேட்கிறார்கள். அவர்களில் பலர் பயன்படுத்தும் என்விடிஏ, தனியாக அமைப்பை மாற்றினாலொழியச் சாய்வையோ அடிக்கோட்டையோ அறிவிப்பதில்லை. மாற்றிவைத்தால் ஒவ்வொரு சாய்வுக்கும் நின்று நின்று சொல்லும். ஐம்பது பக்கத் தீர்ப்பை அப்படிக் கேட்பது கடினம். 2022இல் இமாச்சலப் பிரதேச மாநிலம் எதிர் அஜய் குமார் சூத் என்ற வழக்கில், புரியாத முறையில் எழுதப்பட்டிருந்த ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பைப் பார்த்த உச்ச நீதிமன்றம், தீர்ப்புகளை எப்படி எழுத வேண்டும் என்று விரிவாகவே பேசியது. பத்திகளுக்கு எண் கொடுப்பதைப் பற்றியும், மாற்றுத்திறனாளிகளும் தீர்ப்பைப் படிக்க முடிய வேண்டும் என்பதைப் பற்றியும் அது குறிப்பிட்டது.

அந்தக் காதுகளுக்கு நம் மூன்றாம் வாக்கியத்தின் இரண்டு கோபாலன்களும் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஆகவே ஆளும் வழக்கும் ஒரே வரியில் வரும் இடங்களில் மட்டுமாவது, ஆங்கிலத்திலும் 'கோபாலன் தீர்ப்பில்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடலாம். அழுத்தக் குறிப்பிலும், 'அழுத்தம் எம்முடையது' என்பதோடு நிறுத்தாமல், எந்தச் சொற்களை அழுத்தினோம் என்பதை மேற்கோளுக்கு அடுத்த வாக்கியத்தில் திரும்பச் சொல்லிவிடலாம். சாய்வு அழிந்த இணையப் பிரதியைப் படிப்பவருக்கும் அதே வாக்கியம் உதவும்.